பழைய லேத் வாங்கலாமா, புதுசு வாங்கலாமா? சின்ன பட்டறைக்காரங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

முதல் தடவையா ஒரு லேத் வாங்கப் போறேன், செகண்ட் ஹேண்ட்ல போகலாமா இல்ல கொஞ்சம் கஷ்டப்பட்டாவது புதுசே வாங்கிடலாமா?

உங்ககிட்ட வேற லேத் எதுவும் இல்லாம, இந்த ஒண்ணுதான் தினமும் ஓடி சோறு போடணும், மெஷினைப் பிரிச்சு சரி பண்ண நேரமும் இல்ல ஆளும் இல்லன்னா புதுசு வாங்குங்க. இல்ல, நம்மளால ஒரு டயல் கேஜ் வச்சுப் பாக்கத் தெரியும், ஒரு வாரம் பத்து நாள் மெஷின் நின்னாலும் சமாளிச்சுக்கலாம்னா நல்ல பழைய லேத்துதான் லாபம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா ஒண்ணு, பழைய லேத்துல ரெண்டு இடத்துலதான் உயிர் இருக்கு: ஒண்ணு பெட், இன்னொண்ணு ஸ்பிண்டில். இந்த ரெண்டும் நல்லா இருந்தா மத்ததெல்லாம் எவ்வளவு செலவாகும்னு முன்னாடியே கணக்குப் போட்டுடலாம், நட்டு மாத்தலாம், பெல்ட் மாத்தலாம், மோட்டார் ரீவைண்டிங் பண்ணலாம். இந்த ரெண்டுல ஒண்ணு போயிருந்தா விலை எவ்வளவு கம்மியா சொன்னாலும் அது கம்மி இல்ல. அதனால கீழ இருக்கிற பதில்ல பாதி இந்த ரெண்டைப் பத்திதான் இருக்கும்.

ஒரே பட்ஜெட்ல சின்னதா புது லேத் ஒண்ணு கிடைக்குது, பெரிய பழைய லேத்தும் கிடைக்குது. எதை எடுக்கறது?

நீங்க செய்யப் போற ஜாப் எதுன்னு முதல்ல பாருங்க. லேத்துல வெயிட்டுங்கறது சும்மா இல்ல, காஸ்டிங் கனமா இருந்தாதான் கட்டிங் போடும்போது அதிராம நிக்கும். 300 கிலோ புது லேத்துல ஒரு பாஸுக்கு அரை மி.மீ. ஆழம் எடுக்கவே சத்தம் போட்டு அலை அலையா ஃபினிஷ் வர்ற இடத்துல, 1,200 கிலோ பழைய லேத் 3 மி.மீ. ஆழம் எடுத்துட்டு அமைதியா போயிட்டே இருக்கும். ஷாஃப்ட், புஷ், ஃபிளான்ஜ் மாதிரி ஸ்டீல் வேலைதான் அதிகம்னா ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வெளிய வரும்ங்கறதே இதுலதான் தீர்மானம் ஆகுது.

பித்தளை, அலுமினியம், சின்ன சின்ன பின்னு இது மட்டும்தான் வேலைன்னா பெரிய மெஷின் எதுக்கு, சின்னதே போதும், அதுல ஸ்பீடும் அதிகமா கிடைக்கும்.

மெஷின் பாக்கப் போறப்போ கையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

மேக்னெட் பேஸோட ஒரு டயல் கேஜ், 0.01 மி.மீ. காட்டறது. ஒரு மைக்ரோமீட்டர். டார்ச் லைட். அழுக்குத் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய். 50 மி.மீ. விட்டத்துல ஒரு எம்எஸ் ராடு, 250 மி.மீ. நீளம் இருந்தா போதும், அதுக்கு நல்லா தீட்டின டூல் ஒண்ணு, ஏன்னா அங்க இருக்கிற டூல் மொக்கையா இருந்தா ட்ரையல் கட்டே தப்பா காட்டும். ரெண்டடி நீளத்துல ஒரு மரக்கட்டையும் எடுத்துக்கோங்க, எதுக்குன்னு கீழ சொல்றேன்.

போன் பண்ணும்போதே சொல்லிடுங்க, நான் வர்றதுக்கு முன்னாடி மெஷினை ஓட்டி வைக்க வேண்டாம்னு. குளிர்ந்த மெஷின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது எப்படி சத்தம் போடுதுன்னு நாமே கேக்கணும், சூடானதுக்கு அப்புறம் நிறைய சத்தம் அடங்கிடும்.

பெட் தேஞ்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பாக்க பளபளன்னுதான் இருக்கு.

பளபளப்பை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, தேஞ்ச பெட்டுதான் இன்னும் பளபளன்னு இருக்கும்.

லேத்துல முக்கால்வாசி வேலை சக்குக்குப் பக்கத்துலயேதான் நடக்குது. அதனால சக்குல இருந்து ஒரு 200, 300 மி.மீ. தூரம்தான் கேரேஜ் போயிட்டு வந்து போயிட்டு வந்து தேயும், டெயில்ஸ்டாக் பக்கம் கடைசில பெட் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்கறதுதான் மொத்த சூட்சுமமே.

முதல்ல துணியால நல்லா துடைச்சுட்டு முன்னாடி இருக்கிற வி-மேல விரல் நகத்தை குறுக்க வச்சு இழுத்துப் பாருங்க. கேரேஜ் உக்கார்ற இடத்துக்கும் உக்காராத இடத்துக்கும் நடுவுல படி மாதிரி தட்டுச்சுன்னா தேய்மானம் இருக்கு, நகத்துக்கே தெரியற அளவுன்னா கொஞ்சநஞ்ச தேய்மானம் இல்ல. அடுத்தது கேரேஜ் லாக். கேரேஜை சக்குகிட்ட கொண்டு போய் லாக் போல்ட்டை மெல்ல இறுக்குங்க, கை சக்கரம் லேசா பிடிக்கற மாதிரி, நகரவும் செய்யணும். அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிட்டுப் போங்க. போகப் போக இறுகி ஒரு இடத்துல நகராம நின்னுச்சுன்னா சக்குகிட்ட பெட் மெலிஞ்சு போச்சுன்னு அர்த்தம். எவ்வளவு சீக்கிரம் நிக்குதோ அவ்வளவு தேய்மானம். ஒரு டூல் கூட இல்லாம ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும் இது.

இப்போ நம்பர் வேணும். மேக்னெட் பேஸை கேரேஜ் மேல வச்சு, டயல் முனையை டெயில்ஸ்டாக் ஓடற வழியோட தட்டையான மேல்பக்கத்துல வைங்க, ஏன்னா டெயில்ஸ்டாக் அடிக்கடி நகர்றதில்ல, அந்த வழி அதிகமா தேஞ்சிருக்காது. கடைசில ஜீரோ வச்சுட்டு சக்கு வரைக்கும் கேரேஜை ஓட்டுங்க. முள்ளு எவ்வளவு நகருதோ அவ்வளவு கேரேஜ் கீழ இறங்குது. அதே மாதிரி டெயில்ஸ்டாக் வழியோட வி-யின் பக்கவாட்டுலயும் முனையை வச்சு இன்னொரு தடவை ஓட்டுங்க.

இந்த ரெண்டாவது ரீடிங்கைத்தான் நிறைய பேர் எடுக்கறதே இல்ல, ஆனா அதுதான் முக்கியம். கேரேஜ் நேரா கீழ 0.1 மி.மீ. இறங்கினா கூட 50 மி.மீ. ஜாப்ல அளவு மைக்ரோமீட்டருக்கே தெரியாத அளவுக்குத்தான் மாறும், ஏன்னா டூல் வட்டத்தைத் தொட்டுட்டு கீழ நழுவுது, அவ்வளவுதான். ஆனா பக்கவாட்டுல 0.05 நகர்ந்துச்சுன்னா விட்டத்துல அது அப்படியே டபுள் ஆகி 0.1 மி.மீ. தப்பு வரும். முன்பக்க வி அதிகமா தேஞ்சு பின்பக்கம் கம்மியா தேயும்போது கேரேஜ் நம்ம பக்கமா சாயும், டூல் ஜாப்பை விட்டு விலகும், அதனால சக்குகிட்ட விட்டம் பெருசா வரும்.

பக்கவாட்டுல 0.02, 0.03க்குள்ள இருந்தா கண்ணை மூடிட்டு எடுக்கலாம். 0.05 வரைக்கும் பொது வேலைக்கு ஓட்டலாம், ஆனா விலையைக் குறைச்சுக் கேக்கணும். 0.1 தாண்டினா பேரிங் சீட்டிங் மாதிரி ஃபிட் வேலை செய்யற பட்டறைக்கு அது வேண்டாம். இது என் அளவுகோல்தான், ரஃப் டர்னிங் மட்டும் பண்றவங்க இன்னும் தாராளமா இருக்கலாம்.

ஸ்பிண்டில் பேரிங் நல்லா இருக்கான்னு வெளிய இருந்தே பாக்க முடியுமா?

முடியும், ஹெட்ஸ்டாக்கைத் திறக்கவே வேண்டாம். ஆனா சக்கைப் பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்றது பத்தாது.

சக்கைக் கழட்டச் சொல்லுங்க. கழட்ட மாட்டேன்னா அதுவே ஒரு தகவல்தான். டயல் முனையை ஸ்பிண்டில் மூக்குல சக்கு உக்கார்ற இடத்துல வச்சு கையால மெதுவா சுத்துங்க. நல்ல லேத்துல 0.01 மி.மீ. தாண்டாது. சக்குல ராடைப் பிடிச்சு அதுல டயல் வச்சுப் பாத்தா அது சக்கோட தப்பையும் சேர்த்துக் காட்டும், பழைய மூணு ஜா சக்குல 0.1 வர்றதெல்லாம் சாதாரணம், அதைப் பாத்து பயந்து ஓட வேண்டாம், சக்கு மாத்திக்கற சாமான்.

அடுத்ததா சக்கைத் திரும்ப மாட்டி, கொண்டு போன மரக்கட்டையை சக்குக்கு அடியில பெட் மேல முட்டுக் கொடுத்து நெம்புங்க, டயல் முனை ஸ்பிண்டில் மூக்கோட மேல்பக்கத்துல இருக்கட்டும். ரொம்ப பலமா வேண்டாம், ஒரு கையால தர்ற பலம் போதும். முள்ளு 0.01க்குள்ள நகர்ந்து விட்டதும் திரும்பி பழைய இடத்துக்கே வந்துச்சுன்னா நல்லா இருக்கு. 0.03, 0.04னு தூக்கி அங்கயே நின்னா பேரிங் லூஸ். டேப்பர் ரோலர் பேரிங் போட்ட மெஷின்ல பின்னாடி இருக்கிற நட்டை இறுக்கினாலே இது சரியாக வாய்ப்பு இருக்கு. ஆனா இறுக்கின பிறகு கையால சுத்தும்போது உள்ள மணல் இருக்கிற மாதிரி கரகரன்னு வந்தா பேரிங் மாத்தித்தான் ஆகணும், நல்ல கிரேடு ஸ்பிண்டில் பேரிங் சாதா பேரிங் விலையில கிடைக்காது, அதை விலை பேசறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

கடைசியா மெஷினை ஓட விடுங்க. எல்லா ஸ்பீடும், ஒண்ணு விடாம, கியர் லீவர் ஒவ்வொரு பொசிஷன்லயும். ஒரே சீரா டக் டக்னு தட்டுச்சுன்னா ஏதோ ஒரு கியர்ல பல்லு உடைஞ்சிருக்கு, எந்த ஸ்பீடுல மட்டும் வருதுன்னு பாத்தா எந்த கியர்னு கூட சொல்லிடலாம். அப்புறம் மேல் ஸ்பீடுல அரை மணி நேரம் ஓடட்டும், அது ஓடற நேரத்துல நீங்க மத்ததைப் பாருங்க. நிறுத்தினதும் பேரிங் இருக்கிற இடத்துல உள்ளங்கையை வைங்க. வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது.

ஆயிலையும் பாருங்க. ட்ரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி ரெண்டு சொட்டு விரல்ல எடுத்து வெளிச்சத்துல தேய்ங்க, தங்கக் கலர்ல மினுமினுப்பு தெரிஞ்சா உள்ள பித்தளை புஷ்ஷோ வேற ஏதோ தேயுது. ஆயில் தேன் மாதிரி கெட்டியா இருந்தா சத்தத்தை அமுக்கறதுக்காக ஊத்தியிருக்கலாம், என்ன ஆயில்னு கேளுங்க.

க்ராஸ் ஸ்லைடு கைப்பிடி கொஞ்ச தூரம் சும்மா சுத்துது, அதுக்கப்புறம்தான் நகருது. வேண்டாம்னு விட்டுடவா?

இதுக்காக ஒரு நல்ல மெஷினை விடாதீங்க. பழைய லேத்துல 0.1, 0.2 மி.மீ. பேக்லாஷ் இல்லாம இருக்காது, ஆபரேட்டர் எப்பவும் ஒரே திசையில வந்து அளவு வைப்பாரு, பிரச்சனை இல்ல. அரை மி.மீ. தாண்டினா பித்தளை நட்டு தேஞ்சிருக்கு, அது மாத்தற சாமான், வேற ஒரு லேத்துல நாமளே கூட கடைஞ்சுக்கலாம்.

ஒரே ஒரு சோதனை பண்ணுங்க. ஸ்லைடு நடுவுல இருக்கும்போது எவ்வளவு சும்மா சுத்துது, கடைசிக்கு இழுத்துட்டா எவ்வளவு சுத்துதுன்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா நட்டு மட்டும்தான். நடுவுல அதிகமா இருந்து ஓரத்துல கம்மியா இருந்தா ஸ்க்ரூவே தேஞ்சிருக்கு, புது நட்டு போட்டாலும் சரி வராது, ஸ்க்ரூவையும் சேர்த்து மாத்தணும். லீட் ஸ்க்ரூவும் இதே கதைதான், ஹாஃப் நட்டைப் போட்டுட்டு கேரேஜை முன்ன பின்ன தள்ளிப் பாருங்க, சக்குகிட்ட ஒரு தடவை, கடைசில ஒரு தடவை.

ட்ரையல் கட் எப்படி போடணும்? டேப்பர் வந்தா என்ன அர்த்தம்?

50 மி.மீ. ராடை சக்குல இறுக்கிப் பிடிங்க, 150 மி.மீ. வெளிய நீட்டிட்டு இருக்கட்டும், டெயில்ஸ்டாக் சப்போர்ட் கொடுக்காதீங்க. கொடுத்தா டெயில்ஸ்டாக்கோட தப்பும் உள்ள கலந்துடும். முதல்ல ஒரு பாஸ் மேல் தோலை எடுத்துட்டு, ராடோட ரெண்டு முனையிலயும் நடுவுலயும் 20 மி.மீ. அகலத்துக்கு வளையம் மாதிரி விட்டு மத்த இடத்தைக் கொஞ்சம் ஆழமா இறக்கிடுங்க. இப்போ டூல் அளவை மாத்தாம ஃபைன் ஃபீடுல 0.1 மி.மீ. ஆழம் மூணு வளையத்து மேலயும் ஒரே ஓட்டமா ஓட்டுங்க. ராடைக் கழட்டாம மைக்ரோமீட்டர்ல மூணையும் அளந்து எழுதிக்கோங்க.

மூணும் 0.02க்குள்ள இருந்தா நல்ல மெஷின். வித்தியாசம் இருந்தா அது எப்படி மாறுதுன்னு பாக்கணும். ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு சீரா கூடிக்கிட்டே போச்சுன்னா, அதாவது 49.90, 49.93, 49.96 மாதிரி, பெரும்பாலும் மெஷின் லெவல் இல்லாம பெட் முறுக்கிக்கிட்டு நிக்குது, இல்ல ஹெட்ஸ்டாக் கொஞ்சம் திரும்பியிருக்கு. இது ரெண்டுமே சரி பண்ணக்கூடியது, தரையில சரியா உக்கார வச்சு லெவல் பண்ணாலே பல லேத்துல டேப்பர் போயிடும். ஆனா நடு வளையம் ஒரு மாதிரியும் ரெண்டு முனையும் வேற மாதிரியும் கோணலா வந்துச்சுன்னா அது பெட் தேய்மானம், எந்த லெவலிங்கும் சரி பண்ணாது. டேப்பர்னு ஒரே வார்த்தையில சொல்லி விலை பேசறதுக்கு முன்னாடி இந்த வித்தியாசத்தைப் பாத்துடுங்க, நல்ல மெஷினை விட்டுட்டு வர்றதும் கெட்டதை வாங்கிட்டு வர்றதும் இங்கதான் நடக்குது.

பெயிண்ட் எல்லாம் புதுசா அடிச்சு சூப்பரா வச்சிருக்காங்க. நம்பலாமா?

பெயிண்ட் படாத இடத்தைப் பாருங்க: கைப்பிடியோட பிடி, ஹாஃப் நட் லீவர், டூல் போஸ்ட் ஸ்க்ரூ, பெட்டோட அடிப்பக்கம், தூள் தட்டு. கிராஜுவேஷன் டயல் மேல கூட பெயிண்ட் வழிஞ்சிருந்தா பிரிச்சு வேலை பாக்கல, மேல மட்டும் அடிச்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம். டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு காஸ்டிங் காலையும் கேரேஜோட ரெக்கை மாதிரி இருக்கிற பகுதியையும் பாருங்க, வெல்டிங் மேடு இருந்தா பெயிண்டுக்கு அடியிலயும் நிழல் விழும். அந்த மாதிரி மெஷின் ஒரு தடவை கீழ விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெட் ரீகிரைண்டிங் பண்ணித் தரேன்னு விக்கறவர் சொல்றார், அது புதுசு மாதிரிதானே?

கிரைண்டிங் மட்டும் பண்ணா இல்ல. பெட்டை 0.3 மி.மீ. எடுத்தாங்கன்னா கேரேஜ் அவ்வளவு கீழ இறங்குது, ஆனா லீட் ஸ்க்ரூவும் ஃபீட் ராடும் பழைய உயரத்துலயே இருக்கு. ஏப்ரன் இறங்கினதால ஹாஃப் நட் லீட் ஸ்க்ரூ மேல சரியா உக்காராது, இழுத்துப் பிடிக்கும். டெயில்ஸ்டாக் வழியையும் சேர்த்து கிரைண்ட் பண்ணியிருந்தா டெயில்ஸ்டாக் சென்டர் ஹெட்ஸ்டாக் சென்டரை விடக் கீழ போயிடும். முழுசா செஞ்ச ஆளு கேரேஜுக்கு அடியில பிளாஸ்டிக் லைனர் ஒட்டி ஸ்க்ரேப்பிங் பண்ணி எடுத்த அளவைத் திரும்பக் கொண்டு வந்திருப்பாரு.

அதனால கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், கேரேஜை எப்படி திரும்ப உயர்த்தினீங்க? பதில் தெளிவா வந்தா நல்ல வேலை. ஹெட்ஸ்டாக் சென்டரையும் டெயில்ஸ்டாக் சென்டரையும் நெருக்கி நடுவுல ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசா கவ்வ விட்டுப் பாருங்க. ஸ்கேல் நேரா நிக்கணும், சாஞ்சா ரெண்டு சென்டரும் ஒரே கோட்டுல இல்ல.

மெஷின்ல த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கு, என்கிட்ட சிங்கிள் ஃபேஸ்தான். வாங்கலாமா?

3 ஹெச்பி வரைக்கும், சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸா மாத்தித் தர்ற விஎஃப்டி போட்டு ஓட்டிடலாம், ஸ்பீடு கண்ட்ரோலும் கூடவே கிடைக்கும். சிங்கிள் ஃபேஸ் உள்ள வாங்கற விஎஃப்டி 230 வோல்ட்தான் வெளிய தரும், அதனால மோட்டார் தகட்டுல 230/400னு போட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா டெல்டா கனெக்ஷன்ல மாத்தி ஓட்டணும். 400 மட்டும்தான்னா மோட்டாரைத் தொடணும். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல மெஷினோட பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சை அப்படியே விடாதீங்க, ஓடும்போது அதை மாத்தினா விஎஃப்டி போயிடும். அந்த சுவிட்ச் விஎஃப்டிக்கு சிக்னல் மட்டும் கொடுக்கற மாதிரி வயரிங் பண்ணணும்.

எல்லாம் சரி, கணக்குப் போட்டுப் பாத்தா உண்மையிலேயே பழசு லாபமா?

ஒரு உதாரணம் போடலாம். புது லேத் விலையை 100னு வச்சுக்குவோம், அதே சைஸ், நல்ல பேர் உள்ள கம்பெனியோட பழைய லேத் 40க்கு வருது. நீங்க போய்ப் பாத்தீங்க: பெட் பக்கவாட்டுல 0.03, ஸ்பிண்டில் 0.01, க்ராஸ் ஸ்லைடு நட்டு தேஞ்சிருக்கு, மூணு ஜா சக்கு வாய் விரிஞ்சு போச்சு, ஸ்டெடி இல்ல, சேஞ்ச் கியர்ல ரெண்டு காணோம்.

இப்போ சேர்த்துக்கிட்டே வாங்க. ஏத்தி இறக்கி லெவல் பண்ண 4. சக்கு 5. நட்டு, பெல்ட், ஆயில், சின்னச் சின்ன வேலை 3. சேஞ்ச் கியரும் ஸ்டெடியும் 4. மொத்தம் 56. அஞ்சு வருஷம் கழிச்சு 36க்கு வித்தீங்கன்னு வைங்க, உங்களுக்கு நின்ன செலவு 20. புதுசுல இறக்கி வைக்க 3 சேர்த்து 103, அஞ்சு வருஷத்துல 55க்கு வித்தா நின்ன செலவு 48. கையில மிச்சம் நின்ன 47க்கு அஞ்சு வருஷ வட்டியையும் பாத்துக்கோங்க, லோன் எடுத்து வாங்கறவங்களுக்கு அதுவே பெரிய தொகை.

இந்த 28 வித்தியாசத்தை எது சாப்பிடும்னு பாக்கணும். முதல் ஆள் பெட். அதே மெஷின்ல பெட் 0.15 தேஞ்சு கிரைண்டிங், லைனர், ஸ்க்ரேப்பிங்னு 25 போச்சுன்னா லாபம் கிட்டத்தட்ட காலி, அதுவும் அந்த வேலை முடியற வரைக்கும் மெஷின் உங்ககிட்ட இருக்காது. ரெண்டாவது ஆள் நின்னு போற நாள். உங்க லேத் ஒரு நாள் ஓடினா எவ்வளவு சம்பாதிக்குதுன்னு தெரியும்ல, அதை வச்சு 28ஐ வகுத்துப் பாருங்க, அத்தனை நாள் புதுசை விட அதிகமா நின்னாத்தான் பழசு நஷ்டம். சில பட்டறைக்கு அது நாலு மாசம் வரும், பழசையே எடுக்கலாம். சில பட்டறைக்கு மூணு வாரம்தான் வரும், அவங்க புதுசுக்குப் போறதுல தப்பே இல்ல.

திரும்ப விக்கும்போது எந்த மெஷினுக்கு நல்ல விலை நிக்கும்?

புது மெஷின் பெரிய அளவுல விலை இறங்கறது முதல் மூணு நாலு வருஷத்துல. அதுக்கப்புறம் இறக்கம் மெதுவாகுது, 15, 20 வருஷம் ஆன நல்ல மேனுவல் லேத் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்கும், ஏன்னா அதுல பழசாகிப் போற டெக்னாலஜி எதுவும் இல்ல, தேய்மானம் மட்டும்தான். அதனாலதான் பழசுல ரீசேல் நஷ்டம் கம்மி.

விலையை நிறுத்தறது முதல்ல கம்பெனி பேர், ஸ்பேர் கிடைக்கற மெஷினுக்கு வாங்க ஆள் இருக்கும். அடுத்தது சைஸ், எல்லாருக்கும் பொருந்தற நடுத்தர சைஸ் சீக்கிரம் போகும், ரொம்பப் பெரிய மெஷினுக்கு வாங்கற ஆள் கம்மி, மாசக்கணக்குல நிக்கும். அப்புறம் கூட வர்ற சாமான்கள், நாலு ஜா சக்கு, ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, முழு சேஞ்ச் கியர் செட், மேனுவல். இதையெல்லாம் பட்டறையில அங்கங்க போட்டு வைக்காம ஒரே பெட்டியில வைங்க, விக்கற அன்னைக்கு தேடினா கிடைக்காது.

இன்னொண்ணு, கனெக்ஷன் கொடுத்து ஓடிட்டு இருக்கும்போதே வில்லுங்க. பிரிச்சு ஓரமா வச்ச மெஷினை யாராலயும் ட்ரையல் கட் போட்டுப் பாக்க முடியாது, அதனால எல்லாக் கோளாறும் இருக்குன்னு நினைச்சுதான் விலை கேப்பாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. வாங்கும்போது எழுதின ரீடிங் எல்லாம் பத்திரமா இருந்தா, விக்கும்போது திரும்ப எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுங்க.

பழைய சிஎன்சி லேத் மேனுவல் விலைக்கே கிடைக்குதே?

கிடைக்கறதுக்குக் காரணம் கண்ட்ரோலர். இரும்பு நல்லா இருந்தாலும் போர்டு ஒண்ணு போய் அந்த மாடலுக்கு ஸ்பேர் நின்னு போச்சுன்னா மெஷின் மொத்தமும் நிக்கும். எடுக்கறதா இருந்தா பாராமீட்டர் பேக்கப் கையில கொடுக்கச் சொல்லுங்க, பேட்டரி தீர்ந்து பாராமீட்டர் அழிஞ்ச மெஷினைத் திரும்ப எழுப்பறது பெரிய வேலை. நிறைய கண்ட்ரோலர்ல அந்த பேட்டரியை பவர் ஆன்ல இருக்கும்போதேதான் மாத்தணும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. ரீசேல் கணக்குல இதை மேனுவல் மாதிரி போடாதீங்க, வருஷா வருஷம் இறங்கும்.

புதுசு வாங்கினா இந்த செக்கிங் எதுவும் வேண்டாம்ல?

வேணும். விலை கம்மியான புது லேத்துல ஹெட்ஸ்டாக் உள்ள காஸ்டிங் மணல் ஒட்டிக்கிட்டு வர்றது, ஜிப் லூஸா இருக்கறது, டெயில்ஸ்டாக் உயரம் தப்பா இருக்கறது எல்லாமே நடக்குது. ஸ்பிண்டில் ரீடிங்கும் மூணு வளைய ட்ரையல் கட்டும் பணம் முழுசா கொடுக்கறதுக்கு முன்னாடி போடுங்க, ரிப்போர்ட் பேப்பர் கொடுத்தாங்கன்னா அதுல இருக்கிற நம்பரை நீங்களும் எடுத்துப் பாருங்க. முதல் கொஞ்ச நாள் ஓட்டினதும் ஆயிலை வடிச்சு ஹெட்ஸ்டாக்கைக் கழுவி புது ஆயில் ஊத்திடுங்க.

வாங்கியாச்சு, ஏத்தி இறக்கும்போது எதைக் கவனிக்கணும்?

லேத் தலைப்பக்கம்தான் கனம், மேல் பாகமும் கனம், சாஞ்சா பிடிக்க முடியாது, பக்கத்துல யாரும் நிக்க வேண்டாம். கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் கடைசிக்கு ஓட்டி லாக் பண்ணிட்டா பேலன்ஸ் கொஞ்சம் சரியாகும். தூக்கற பெல்ட்டை பெட்டுக்கு அடியில மட்டும் போடணும். லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு மேல பெல்ட் அழுத்துச்சுன்னா வளைஞ்சுடும், வளைஞ்ச லீட் ஸ்க்ரூவை நிமிர்த்தறது எல்லாராலயும் ஆகாது, அதனால நடுவுல மரக்கட்டை கொடுத்து பெல்ட் அதுல படாம தள்ளி வைங்க. இறக்கினதும் லெவல் பண்ணி ஓட விடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை லெவல் பாருங்க, தரை உக்கார்றதுக்கு கொஞ்சம் நாள் எடுக்கும்.